மலாய் நாடகத்துக்கு எந்த மொழியில் சப்டைட்டில் வைப்பது? சுங்கை சிப்புட் வகுப்பில் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்ட கேள்விகள்

டீச்சர், என் மகள் தமிழ்ப்பள்ளியில் மலாயில் நல்ல மார்க் வாங்கியவள். இப்போது 1ஆம் படிவத்தில், கூடப் படிக்கும் மலாய்ப் பிள்ளைகள் பேசினால் ஒன்றும் புரியவில்லை என்று அழுகிறாள். நாடகம் போட்டுக் காட்டலாம் என்று இருக்கிறேன். சப்டைட்டில் எதில் வைக்க?

மலாயிலேயே வையுங்கள். தமிழும் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம்.

உங்கள் மகளுக்கு மலாய் தெரியும். ஆறு வருஷம் எழுதியும் வாசித்தும் கற்ற மலாய் அது. கண்ணுக்குப் பழகிய அளவுக்குக் காதுக்குப் பழகவில்லை. புத்தகத்தில் ‘திடாக்’ என்று படித்தாள். தோழி ‘தாக்’ என்கிறாள். அதிலும் கடைசி ‘க்’ தொண்டையில் நின்றுவிடும், வெளியே வராது. ‘தாக் நாக்’ என்று இரண்டு சொல்லாக எழுதுவதைப் பேசும்போது ‘தானா’ மாதிரி ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ‘வேண்டாம்’ என்பதுதான் பொருள். ‘ஆப்பா’ என்று எழுதியது ‘ஆப்பெ’ என்று விழும். ‘டாபூர்’ என்ற சமையலறை ‘டாபோ’ ஆகிவிடும். இவற்றில் ஒன்றுகூட அவளுக்குப் புதுச் சொல் இல்லை, எல்லாம் அவள் தேர்வில் சரியாக எழுதியவை. ஆனால் அந்த ஓசைக்கும் அந்த எழுத்துக்கும் நடுவில் முடிச்சு இன்னும் விழவில்லை.

மலாய்ப் பேச்சைக் கேட்கிற அதே நொடியில் மலாய் எழுத்தும் கண்ணில் பட்டால்தான் அந்த முடிச்சு விழும். தமிழ் சப்டைட்டில் பொருளைச் சொல்லும். பொருளில் அவளுக்குக் குறையே இல்லை.

எல்லோருக்கும் மலாய் சப்டைட்டில்தானா? என் தம்பி மலாயில் ரொம்ப வீக். அவனுக்கு எது?

அதை அவன் படிவத்தையோ மார்க்கையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். எதில் தடுக்கி விழுகிறான் என்று பாருங்கள். கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் போதும்.

பேச்சு நிறைய உள்ள காட்சியாக மூன்று நிமிடம் எடுங்கள். சப்டைட்டில் இல்லாமல் ஒருமுறை ஓடட்டும். என்ன நடந்தது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அதே காட்சியை மலாய் சப்டைட்டிலோடு, சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி வாசிக்கவிட்டு, மறுபடி கதையைக் கேளுங்கள்.

காதால் கேட்டபோது தெரியாதது, வாசித்தபோது தெரிந்துவிட்டதா? குறை காதில் இருக்கிறது. மலாய் சப்டைட்டில்தான் மருந்து. வாசித்தும் தெரியவில்லையா? அப்போது குறை சொல்லில். அவனுக்கு மலாய் எழுத்தை எத்தனை தடவை ஓட்டினாலும் அது சுவரில் அடித்த பந்துதான். முதலில் தாய்மொழித் துணை வேண்டும், இல்லையென்றால் இன்னும் எளிய நிகழ்ச்சி வேண்டும். கேட்டபோதே பெரும்பாலும் புரிந்துவிட்டால் சப்டைட்டிலை எடுத்துவிடலாம்.

ஒரே பிள்ளைக்கு நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி இது மாறும். குடும்ப நாடகத்துக்குச் சப்டைட்டில் தேவைப்படாதவனுக்கு நீதிமன்றக் காட்சி வந்தால் தேவைப்படலாம். அது பின்னடைவு இல்லை.

சொல்லே போதவில்லை என்றால் எவ்வளவு போதும் என்று சிலர் கேட்பார்கள். இங்கிலீஷுக்கு வெப், ராட்ஜர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009இல் கணக்குப் போட்டார்கள். டிவி நிகழ்ச்சிகளில் வரும் சொற்களில் நூற்றுக்கு 95 தெரிய வேண்டுமானால் சுமார் 3,000 சொற்குடும்பம் வேண்டும் என்று வந்தது. ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்து ஒரு குடும்பம். அந்த எண்ணை மலாய்க்கு அப்படியே தூக்கிப் போட முடியாது. ஆனால் வெறுமனே டிவி முன்னால் உட்கார்ந்தால் தானாக வந்துவிடும் என்ற எண்ணத்தை அது சரியாக அடக்கி வைக்கிறது.

எனக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் வைத்தால் மலாய் நாடகம் முழுசாகப் புரிகிறது. புரிந்தால் நல்லதுதானே?

கதைக்கு நல்லது. காதுக்கு அப்படி இல்லை.

நான் பல வருஷம் கொரிய நாடகங்களை மலாய் சப்டைட்டிலோடு பார்த்தேன். ஒரு பாகமும் விடவில்லை. இன்றைக்கு எனக்குக் கொரிய மொழியில் வணக்கமும் நன்றியும் தவிர ஒன்றும் வராது. ஆனால் என் மலாய் வாசிப்பு வேகம் கூடிவிட்டது, அதை நானே உணர்ந்தேன். எந்த மொழியை வாசிக்கிறோமோ அந்த மொழிதான் வளர்கிறது. காதில் ஓடுவது பின்னணி இசை மாதிரி ஆகிவிடுகிறது.

இதை ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். மிட்டரர், மெக்வீன் என்ற இருவர் 2009இல் வெளியிட்டார்கள். நெதர்லாந்து மாணவர்களுக்குப் பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்பில் இங்கிலீஷ் காட்சிகளைக் காட்டினார்கள். சிலருக்கு இங்கிலீஷ் சப்டைட்டில், சிலருக்கு டச்சு, சிலருக்கு ஒன்றுமில்லை. பிறகு அதே உச்சரிப்பில் புதிய வாக்கியங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். இங்கிலீஷ் சப்டைட்டில் பார்த்தவர்கள் முன்னேறியிருந்தார்கள். டச்சு சப்டைட்டில் பார்த்தவர்கள் புதிய வாக்கியங்களில், சப்டைட்டிலே இல்லாமல் பார்த்தவர்களைவிடவும் பின்தங்கினார்கள். தாய்மொழி எழுத்து காதைத் தவறான ஓசைப் பக்கம் இழுத்துவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம்.

நீங்கள் வைத்திருக்கும் இங்கிலீஷ் உங்களுக்குத் தாய்மொழியும் இல்லை, கற்கப் போகும் மொழியும் இல்லை. களைத்துப் போன இரவில் கதைக்காகப் பார்க்கிறீர்கள் என்றால் தாராளமாக வையுங்கள். அதைப் படிப்புக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

எங்கள் அம்மா டிவியில் தமிழ்ப் படம் பார்த்தே, கீழே ஓடுகிற மலாயை வாசித்து மலாய் கற்றுக்கொண்டார். அப்போது அது வீணா?

வீணே இல்லை. தோட்டத்தில் வளர்ந்த எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் மலாய் நூலகம். ஆர்டிஎம்மில் தமிழ்ப் படம் போட்டால் கீழே மலாய் சாரிகாத்தா ஓடும், இங்கே தியேட்டரிலும் அப்படித்தான். காது தமிழில் இருப்பதால் பொருள் கையில் இருக்கிறது, கண்ணுக்கு மட்டும் வேலை. சொல் சேர்க்க இதைவிட வசதி கிடையாது. சொல்லே போதாதவர்களுக்கு நான் முதலில் கொடுப்பதும் இதுதான்.

ஒரு படத்தில் மகன் வாசலில் நின்று ‘போயிட்டு வர்றேம்மா’ என்கிறான். கீழே ‘சாயா பெர்கி டூலு’ என்று வருகிறது. நேராகச் சொன்னால் ‘நான் முதலில் போகிறேன்’. வருகிறேன் என்ற பேச்சே அதில் இல்லை. விடைபெறும்போது மலாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தமிழ்க் காது அந்த இடத்தை அறிந்திருப்பதால் அந்த மலாய் வாக்கியம் சரியான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அகராதியில் ‘டூலு’ என்று தேடினால் இது கிடைக்காது.

ஆனால் மலாய் ஓசை ஒரு துளிகூட இதில் இல்லை. உங்கள் அம்மா நன்றாகப் பேசுகிறார் என்றால், அந்தக் காதை அவருக்குப் பக்கத்து வீடும் சந்தையும் வேலையிடமும் கொடுத்திருக்கும். இன்றைக்கு டவுனுக்கு வெளியே தாமானில் கதவைச் சாத்திக்கொண்டு வளரும் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. ஆகவே இந்த வழியில் ஆறேழு வாரம் சொல் சேர்த்த பிறகு மலாய்ப் பேச்சுக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரு காட்சியை நீங்கள் எப்படிப் பார்க்க வைக்கிறீர்கள்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

என் தங்கை மகளோடு செய்ததைச் சொல்கிறேன். அவளும் 1ஆம் படிவம். ஒரு குடும்ப நாடகத்தில் இரண்டரை நிமிடக் காட்சி. அம்மா அடுப்படியில், மகன் வேலை முடிந்து வருகிறான்.

முதல் தடவை சப்டைட்டில் இல்லை. அவள் சொன்னது: ‘அம்மா ஏதோ கேட்டாங்க, அவன் கோபமாப் போயிட்டான். நாசின்னு ஒரு தடவை கேட்டுச்சு.’ நான் திருத்தவில்லை. அவளிடம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை மலாய் சப்டைட்டிலோடு நிறுத்தாமல் ஓட்டினேன். பாதியிலேயே ‘ஐயோ, இதெல்லாம் எனக்குத் தெரியும் பெரியம்மா’ என்றாள். அதுதான் நான் எதிர்பார்த்த குறி.

மூன்றாவது தடவை வரிக்கு வரி நிறுத்தினோம். அம்மா பேசும் முதல் வரியை எழுத்துவழக்கில் எழுதினால் ‘கௌ சூடாஹ் மாக்கான் அத்தாவ் பெலும்? நாசி அடா டி டாபூர்’ என்று இருக்கும். நீ சாப்பிட்டாயா இல்லையா, சோறு அடுப்படியில் இருக்கிறது. வாயில் வருவது ‘கோ டாஹ் மாக்கான் கெ பெலோம்? நாசி அடெ காட் டாபோ து.’ நோட்டில் இடப் பக்கம் எழுத்து, வலப் பக்கம் காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதச் சொன்னேன். ‘சூடாஹ்’ சுருங்கி ‘டாஹ்’. ‘டி’ போய் ‘காட்’, அது ‘டெகாட்’ என்பதின் வால். கடைசியில் ‘து’ என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது ‘இத்து’. அந்தக் காட்சியில் இப்படிப் பதினொரு இடம் கிடைத்தது. அதில் நான்கைந்து திரும்பத் திரும்ப வருபவை. அவற்றை மட்டும் வட்டமிட்டோம். எல்லாவற்றையும் பிடிக்கப் பார்த்தால் பிள்ளை சலித்துப் போகும்.

நான்காவது தடவை சப்டைட்டிலை அணைத்து, வட்டமிட்ட ஓசை வரும்போதெல்லாம் மேசையைத் தட்டச் சொன்னேன். இரண்டைத் தவறவிட்டாள். மறுநாள் காலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது போனில் அதே காட்சியைச் சத்தம் மட்டும் கேட்டாள், படம்கூட இல்லை. அப்போது ஒன்றும் தவறவில்லை.

இதோடு நிறுத்தினால் அந்த ஒரு காட்சிதான் மனப்பாடம் ஆகியிருக்கும். காது திறந்ததா என்று பார்க்க, அதே நாடகத்தின் அடுத்த பாகத்தில் அவள் பார்க்காத காட்சி ஒன்றைச் சப்டைட்டில் இல்லாமல் போட்டேன். வேறு அறை, வேறு பேச்சு, அதே அம்மா. ‘காட்’டும் ‘டாஹ்’வும் உடனே பிடிபட்டன. புதுக் காட்சியில் பிடிபடுவதுதான் கணக்கு. ஒரே நாடகத்தைத் தொடர்ந்து பார்க்கச் சொல்வதும் இதற்காகத்தான். அதே குரல்கள், அதே சொல்பழக்கம் மறுபடி மறுபடி வரும்.

சப்டைட்டிலில் ஒன்று இருக்கிறது, வாய் வேறு சொல்கிறது. தப்பாகப் போட்டிருக்கிறார்களா?

பெரும்பாலும் தப்பில்லை. சப்டைட்டில் இரண்டு வரிக்குள், சில நொடிக்குள் அடங்க வேண்டும். வேகமாகப் பேசினால் எழுதுபவர் சுருக்கித்தான் ஆக வேண்டும். மலாயில் இன்னொன்றும் உண்டு: பேச்சு வழக்கை எழுத்து வழக்காகத் திருத்திப் போடுவார்கள். வாய் ‘தாக்’ என்னும், கீழே ‘திடாக்’ என்று இருக்கும். இது ஓரளவுக்கு நமக்கு உதவிதான், இடப் பக்கத்தை அவர்களே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வரி முழுக்க வேறாக இருந்தால் மட்டும் அந்த நிகழ்ச்சியைப் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, டப்பிங் செய்த நிகழ்ச்சி. உதட்டசைவுக்கு ஏற்றபடி டப்பிங் வசனத்தை ஒருவர் எழுதுகிறார். படிக்கும் வேகத்துக்கு ஏற்றபடி சப்டைட்டிலை வேறொருவர் எழுதுகிறார். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. இன்னொன்று, கணினி தானாகப் போடும் எழுத்து. அடையாளம் எளிது: சொற்கள் ஒவ்வொன்றாகத் துள்ளி வரும், நிறுத்தக்குறி சரியாக இருக்காது, ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் சிதைந்திருக்கும். தெரிந்தவர் சிரித்துவிட்டுப் போவார். கற்பவர் அதை உண்மை என்று நம்பிக்கொள்வார்.

எவ்வளவு முயன்றாலும் கண் கீழேயே போகிறது. கேட்கவே மாட்டேன் என்கிறேன். என்ன செய்ய?

அது உங்கள் குணக்கேடு இல்லை. பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தில் டிடெவாலே என்பவரின் குழு பார்வையாளர்களின் கண்ணசைவை அளந்தது. பேச்சு நன்றாகத் தெரிந்த மொழியில் இருந்தாலும், எழுத்து தோன்றினால் கண் தானாக அங்கே போகிறது. ஆகவே ‘கொஞ்சமாகப் பார்க்கிறேன்’ என்று மனத்தைக் கட்டுப்படுத்தப் பார்க்க வேண்டாம்.

எழுத்தையே மறையுங்கள். டிவி அகலத்துக்கு ஒரு அட்டைத்துண்டு வெட்டி, கீழ் விளிம்பில் டேப் போட்டு ஒட்டுங்கள். மேலே தூக்கினால் எழுத்து தெரிய வேண்டும், விட்டால் மறைய வேண்டும். பிளாஸ்டிக் கோப்பின் அட்டை நன்றாக நிற்கிறது. வரியைக் கேளுங்கள், என்ன சொன்னார் என்று வாயால் சொல்லுங்கள், நிறுத்துங்கள், அட்டையைத் தூக்கிச் சரிபாருங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. முதலில் வாசித்துவிட்டால் பிறகு கேட்டது உண்மையில் கேட்டதா, வாசித்ததன் எதிரொலியா என்று உங்களுக்கே தெரியாது.

முழுசாக எப்போது எடுத்துவிடலாம்?

ஒரு நாளில் எடுப்பதில்லை. பாகத்தின் முதல் ஐந்து நிமிடம் இல்லாமல் பார்த்து, கதை பிடிபட்டால் அப்படியே தொடருங்கள். நழுவினால் போடுங்கள். பார்த்து முடித்த பழைய பாகங்களை எப்போதும் இல்லாமலேயே பாருங்கள், கதை தெரிந்திருப்பதே போதிய துணை.

ஒன்றும் புரியாத நிலையில் ‘காது பழகட்டும்’ என்று வெறுமனே ஓடவிடுவது நேர விரயம். நிறையப் பேர் அதைத்தான் கட்டுப்பாடான படிப்பு என்று நினைத்துக்கொண்டு மூன்று வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

நான் இங்கே ஹார்ட்வேர் கடையில் வேலை செய்கிறேன். தவுக்கே சீனத்தில் பேசுகிறார். ஹாங்காங் நாடகம் பார்த்துக் கற்கலாமா? அதில் சீன எழுத்து எப்போதும் இருக்கிறது.

முதலில் தவுக்கே எந்தச் சீனம் பேசுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள் அண்ணே. ஈப்போ வட்டாரத்தில் கடைகளில் கேன்டனீஸ் அதிகம். மாண்டரின் வேறு, அது வேறு. ஒன்றை வைத்து மற்றதைப் பேச முடியாது.

கேன்டனீஸ் என்றால் ஹாங்காங் நாடகம் சரி. ஆனால் நான் மேலே சொன்ன ‘கற்கும் மொழியிலேயே சப்டைட்டில்’ என்ற வழி உங்களுக்கு இங்கே பொருந்தாது. சீன எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரியாது, எழுத்து படித்தவருக்குத்தான் தெரியும். அதோடு ஹாங்காங் நாடகங்களில் வாய் கேன்டனீஸ் பேசும், கீழே பெரும்பாலும் பொது எழுத்துச் சீனம் ஓடும். சொல்லே மாறிவிடும். ஆக உங்களுக்கு மலாய் சப்டைட்டில் வைத்துப் பொருளை வாங்கிக்கொள்வதுதான் முதல் படி. பிறகு சப்டைட்டிலை மறைத்து, கடையில் பயன்படும் பத்து வாக்கியத்தைக் காதால் பிடித்துத் தமிழ் எழுத்தில் எழுதி, மறுநாள் தவுக்கேயிடம் சொல்லிப் பாருங்கள். ஏற்ற இறக்கம் தவறினால் பொருள் மாறிவிடும், அதை நாடகம் திருத்தாது, அவர்தான் திருத்துவார்.

என் சின்னவன் முதலாம் ஆண்டு. அவனுக்கும் மலாய் சப்டைட்டில் போடவா?

இப்போது வேண்டாம். ஒரு வரியை அவன் சத்தமாக வாசித்து முடிப்பதற்குள் அது மறைந்துவிட்டால் அது அவனுக்கு வெறும் கோடு. வேகத்தை 0.75க்குக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் முடியவில்லை என்றால் ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம். அதுவரை படமும் பேச்சும் போதும்.

எங்கள் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளை சப்டைட்டிலை வாசித்துக்கொண்டிருந்தால் பாட்டிக்கு அலுத்துப் போகாதா?

பாட்டியைக் கூடவே உட்கார வையுங்கள். முப்பது வருஷம் பால் வெட்டி, மலாய்க்காரர்களோடும் சீனர்களோடும் பேசிப் பழகிய காது அது. நான் சொன்ன அந்த இரண்டரை நிமிடக் காட்சியை எங்கள் அம்மாவுக்கும் போட்டேன். அவருக்கு மலாயில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. ‘சாப்பிட்டியான்னு கேக்குறா, சோறு அடுப்படியில இருக்குங்குறா, அவன் வேணாம்னுட்டுப் போறான்’ என்று முதல் தடவையிலேயே சொல்லிவிட்டார்.

இப்போது என் தங்கை மகள் நிறுத்தும் வரிகளில் அவருக்கும் வேலை இருக்கிறது. பேத்தி எழுத்தை வாசிக்கிறாள், ‘அப்படியெல்லாம் யாரும் பேச மாட்டாங்க’ என்று சொல்லிவிட்டு அவர் பேசிக் காட்டுகிறார். நோட்டின் வலப் பக்கம் அவர் வாயிலிருந்துதான் நிரம்புகிறது.